கணினியில் 14, அலமாரியில் ஒன்றுமில்லை

"ஆரஞ்சு சோப் ஸ்டாக் 14 என்று காட்டுகிறது, அலமாரி காலி. ஆர்டரும் தானாகப் போகவில்லை. இப்படி வேறு எவை இருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

ஸ்டாக் இருந்தும் விற்பனை திடீரென நின்றுபோன பொருள்களைப் பட்டியலிடுங்கள். தினம் 4 விற்கும் சோப் 3 நாள் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் அன்றே எண்ணிப் பாருங்கள். ஸ்டாக் 6-க்குக் குறைந்தால் மறு ஆர்டர் என்று வைத்திருந்தால், 14 இருப்பதாக நம்பும் கணினி ஆர்டர் போடவே போடாது. விற்பனையும் இல்லாததால் அந்த 14 தானாகக் குறையாது.

முதலில் பில்லிங்கில் கோளாறா என்று பாருங்கள். வாடிக்கையாளர் 2 எலுமிச்சை சோப், 2 ஆரஞ்சு சோப் எடுத்திருப்பார். விலை ஒன்றுதானே என்று எலுமிச்சையை மட்டும் ஸ்கேன் செய்து 4 என்று போட்டுவிடுவார்கள். ஆரஞ்சுக் கணக்கில் 2 தங்கிவிடும், எலுமிச்சையில் 2 கூடுதலாகக் கழியும். எலுமிச்சையின் ஸ்டாக் மைனஸில் இருக்கிறதா, அல்லது கணினி காட்டுவதைவிட அலமாரியில் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இல்லையென்றால் திருட்டு, பதியாத சேதம், சரக்கு வரவில் குறைவு ஆகியவற்றைத் தேடுங்கள்.

பின்கிடங்கு, ரிட்டர்ன் பெட்டி இரண்டையும் பார்த்து, அங்கும் இல்லை என்றால் மட்டுமே 14-ஐ 0 ஆக்குங்கள். எலுமிச்சையையும் எண்ணி, இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்துங்கள்.

வாரத்துக்கு ஒன்று விற்கும் பொருளுக்கு இந்த 3 நாள் கணக்கு ஒத்துவராது. அவற்றை முறைவைத்து நேரில் எண்ணுவதே வழி.