அப்பத்தா அனுப்பிய ஆட்ட வீடியோவில் என்ன இருந்தது?

"தாயி, நேத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு டான்ஸ் வீடியோ போட்டேன். கோட்டு சூட்டு போட்ட ஆளுங்க பல்லக்கு மாதிரி ஒண்ணத் தோள்ல வச்சுக்கிட்டு ஆடுறாங்க. ஆபரேஷனுக்குப் போற உங்க சித்தப்பன் சிரிக்கட்டுமேன்னுதான் போட்டேன். உங்க சித்தி குரூப்ப விட்டே போயிட்டா, போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. அதுல அப்படி என்ன தப்பு இருக்கு? இப்ப நான் என்ன செய்யணும்?"

அன்புள்ள அப்பத்தா,

அவர்கள் தோளில் இருப்பது பல்லக்கு இல்லை, சவப்பெட்டி. ஆடுகிறவர்கள் ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுக்காரர்கள். சவப்பெட்டி தூக்குவதுதான் அவர்கள் தொழில். அந்த ஆட்டம் ஒரு வீடியோவின் கடைசியில் வந்தால், "இந்த ஆள் கதை முடிந்தது" என்று அர்த்தம். போனில் மீம் பார்த்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆபரேஷனுக்கு முதல் நாள் சித்தி கண்ணில் பட்டது அதுதான்.

நீங்கள் அந்த நினைப்பில் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். சித்திக்கும் அதைப் புரியவைத்துவிடலாம். அதற்கு, வீடியோவில் என்ன இருக்கிறது என்று முதலில் நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பேசினால், "சும்மா டான்ஸ்தானே" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த ஒரு வார்த்தை சித்தியை இன்னும் புண்படுத்தும்.

வீடியோவை இன்னொரு தடவை, இந்த முறை சத்தத்தோடு போட்டுப் பாருங்கள். அது ஒரே வீடியோ இல்லை, இரண்டை ஒட்டியது. முதல் துண்டில் ஒருவர் ஏணியில் நின்று மரக்கிளையை வெட்டுகிறார். வெட்டிய கிளை திரும்பி வந்து ஏணியில் அடிக்கிறது, அவர் சரிகிறார். கீழே விழுவதற்குள் படம் வெட்டப்பட்டு, ஒரு துள்ளலான இசையோடு ஆட்டக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். விழுந்தவருக்கு என்ன ஆனது என்று வீடியோ காட்டவில்லை. அதைச் சொல்லும் வேலையை ஆட்டம் செய்கிறது. நீங்கள் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பவர். பலர் கை மாறி வந்ததில் படமும் மங்கியிருக்கிறது. அதனால் ஏணிக்காரர் வேறு, ஆட்டம் வேறு என்றுதான் உங்களுக்குப் பட்டிருக்கும்.

அந்த ஆட்டக்காரர்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் அதில் கேலி எதுவும் இல்லை. கானாவின் தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில், கடலோரத்தில் பிராம்பிராம் என்று ஓர் ஊர். அங்கே பெஞ்சமின் அய்டூ என்பவர் நடத்தும் குழு இது. துக்க வீட்டார் வந்தால், அமைதியாகத் தூக்கிப் போக வேண்டுமா, ஆட்டத்தோடு வேண்டுமா என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்வார்கள். ஆட்டம் என்றால் கறுப்புக் கோட்டு, வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. பெட்டியைத் தோளில் வைத்தபடியே குனிவார்கள், முழங்காலில் நகர்வார்கள். நன்றாக வாழ்ந்து முடித்தவரை அழுகையோடு மட்டும் அனுப்பாமல், மரியாதை செய்து வழியனுப்புவது அது. 2017-இல் பிபிசி இவர்களைப் பற்றி ஒரு செய்திப்படம் வெளியிட்டது, அதில்தான் வெளிநாட்டுக்காரர்கள் பலர் இவர்களைப் பார்த்தார்கள்.

உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேரன் பேத்தி எடுத்த பெரியவர் போனால் நம் பக்கத்தில் கல்யாணச் சாவு என்றுதானே சொல்வோம்? பறை முழங்க, வேட்டுப் போட்டு, பூத்தேர் கட்டி, ஆடிக்கொண்டே கொண்டுபோவார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். கானாவிலும் அப்படித்தான். வயதாகிப் போனவர் என்றால் துக்கத்துக்கு வருகிறவர்கள் கறுப்போடு வெள்ளையும் கலந்த துணி உடுத்தி வருவார்கள், அது நிறைவான வாழ்க்கை என்பதற்கு அடையாளம். கல்யாணச் சாவு ஆட்டத்தை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர் வாசலில் போய் அந்தப் பறையை அடித்தால்? சித்திக்கு நேற்று அப்படித்தான் இருந்திருக்கும்.

மரியாதைக்கு ஆடியது எப்படிக் கேலியானது என்றால், அந்த இசையால். அதன் பெயர் அஸ்ட்ரோனோமியா. டோனி இகி என்ற ரஷ்யக்காரர் 2010-இல் போட்ட மெட்டு அது. 2014-இல் வைஸ்டோன் என்ற டச்சு இரட்டையர் அதை மாற்றியமைத்தார்கள். கானாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2020-இன் தொடக்கத்தில் டிக்டாக்கில் யாரோ வழுக்கி விழும் காட்சி, இந்த ஆட்டம், இந்த இசை மூன்றையும் ஒன்றாக ஒட்டினார்கள். அது பரவியது. ஒரு மாதத்துக்குள் உலகம் முழுக்க ஆளாளுக்குச் செய்தார்கள்: பைக்கில் வித்தை காட்டுகிறவன், மாடியிலிருந்து குதிக்கிறவன், பாம்பைச் சீண்டுகிறவன், எல்லோருக்கும் கடைசியில் இதே ஆட்டம். இசையில் பாட்டு வரி இல்லாததால் எந்த மொழிக்காரருக்கும் புரிந்தது. தெருவில் சங்குச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்காமல் விஷயம் தெரிந்துவிடும் இல்லையா, அந்த வேலையைப் போனில் இந்த இசை செய்ய ஆரம்பித்தது. இப்போது பெட்டியைக் காட்டாமல் இசையை மட்டும் போட்டால்கூட எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் புரியும்.

அதே சமயத்தில்தான் கொரோனாவும் வந்தது. வெளியே சுற்றுகிறவர்களை எச்சரிக்க, வீட்டில் இருக்கிறீர்களா, எங்களோடு ஆட வருகிறீர்களா என்ற பொருளில் பலரும் இந்த ஆட்டக்காரர்களின் படத்தைப் போட்டார்கள். அய்டூவின் குழுவே அப்படி ஒரு வீடியோ வெளியிட்டு, டாக்டர்களுக்கு நன்றியும் சொன்னது. அப்போது அது நல்ல வேலைதான் செய்தது என்பது என் எண்ணம். ஆனால் அந்த வருஷத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஆபரேஷன் என்ற பேச்சோடு இந்த ஆட்டம் வந்தால் பலருக்கு வயிறு கலங்கிவிடுகிறது. சித்தியின் அப்பா அந்த வருஷம்தான் போனார். மீம்களைப் பற்றிப் படிக்கிறவள் என்ற முறையில் நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஒரு மீமைச் செய்தவர் எந்த நினைப்பில் செய்தார் என்பதைப் பார்க்கிறவர் யோசிக்க மாட்டார். அன்றைக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறதோ, அதை வைத்துத்தான் படிப்பார்.

இன்னொரு விஷயம், நீங்கள் கீழே எழுதிய வரி. "சிரிச்சுக்கிட்டே போயிட்டு வாய்யா" என்று போட்டிருந்தீர்கள். வீடியோ மட்டும் வந்திருந்தால், பத்தோடு பதினொன்று, யாரோ அனுப்பியதை அப்பத்தா தள்ளிவிட்டிருக்கிறார் என்று சித்தி கடந்து போயிருக்கலாம். அந்த வரி வீடியோவைச் சித்தப்பாவின் பெயரோடு கட்டிவிட்டது. ஏணியில் இருந்தவர் இடத்தில் சித்தப்பா வந்துவிட்டார். நீங்கள் ஆசையாக எழுதிய வரிதான் வலியைக் கூட்டியிருக்கிறது என்பதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சித்தியிடம் பேசும்போது அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் சித்திக்கு, அவர் நம்பருக்கே, குரலில் ஒரு சேதி அனுப்புங்கள். எழுதினால் தொனி தெரியாது, உங்கள் குரலைக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். சுருக்கமாக இப்படிச் சொன்னால் போதும்: "ஆத்தா, அது சவப்பெட்டின்னு எனக்குத் தெரியல. சாமி பல்லக்குன்னு நெனச்சுத்தான் போட்டேன். இப்ப பேத்தி சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. உன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு புரியுது. மன்னிச்சிரு." இதோடு நிறுத்துங்கள். "நீயும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்பது நியாயமாகவே இருந்தாலும் இந்த வாரம் வேண்டாம். சித்தப்பாவிடமும் இதைக் கொண்டுபோக வேண்டாம், ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வரட்டும்.

சேதி போன பிறகு குரூப்பில் இருக்கும் வீடியோவை எடுத்துவிடுங்கள். வீடியோவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் மேலே குப்பைத்தொட்டிப் படம் வரும். அதைத் தொட்டால் இரண்டு வழி காட்டும்: உங்களுக்கு மட்டும் நீக்குவது, எல்லோருக்கும் நீக்குவது. எல்லோருக்கும் என்பதைத்தான் தொட வேண்டும். உங்களுக்கு மட்டும் என்பதைத் தொட்டுவிட்டால் உங்கள் போனில் மறைந்துவிடும், மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரைதான் எல்லோருக்கும் நீக்க முடியும். நீங்கள் நேற்றுத்தான் போட்டீர்கள், அதனால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் பேசாமல் முதலில் நீக்காதீர்கள். நீக்கிய இடத்தில் நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். பேசாமல் நீக்கினால், தெரிந்தே செய்துவிட்டு மறைப்பதாகத் தோன்றும். அப்புறம், யாராவது ஏற்கெனவே தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால் அது போகாது.

குரூப்பில் பெரிய விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். "தெரியாமல் போட்டுவிட்டேன், எடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி போதும். சித்தியைத் திரும்பச் சேர்க்கும் வேலையை அப்பா பார்த்துக்கொள்வார். ஆனால் சித்தி உங்களோடு பேசிய பிறகுதான்.

இனிமேல் வரும் வீடியோக்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே இரண்டு அம்புக்குறி சேர்ந்தாற்போல் இருந்தால், அது பல கை மாறி வந்தது. உங்களுக்கு அனுப்பியவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. அப்படிப்பட்டதைச் சத்தத்தோடு கடைசிவரை பாருங்கள். நடுவில் சம்பந்தமே இல்லாத காட்சிக்குத் தாவினால், யாரோ ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது காட்சியில்தான் அர்த்தம் இருக்கும். அங்கே நிறுத்தி, போனின் பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் அது படமாகப் பதிந்துவிடும். கூகுளைத் திறந்து, தேடும் கட்டத்தில் இருக்கும் கேமரா படத்தைத் தொட்டு, பதிந்த படத்தைக் காட்டுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று வரிசையாக வரும். நேற்றைய வீடியோவில் ஏணிக்காரரைக் காட்டித் தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. ஆட்டக்காரர்களைக் காட்டியிருந்தால் முதல் வரியிலேயே கானா என்று வந்திருக்கும்.

வருவது எல்லாம் இங்கிலீஷாக இருந்தால் சிரமப்பட வேண்டாம், அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். வகுப்பு 4 மணிக்கு முடியும், அதற்கு மேல் கூப்பிட்டுச் சொல்கிறேன். சித்தி பதில் சொன்னாரா என்று இன்று ராத்திரி எனக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள் பேத்தி