நகல் பெறும் நாற்காலி

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் விற்பனைக் குழுவையும் வாடிக்கையாளர் சேவைக் குழுவையும் ஒன்றாக்கி, என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். பழைய தலைவர்கள் இருவரும் அப்படியே இருக்கிறார்கள். எது யார் வேலை என்று தெரியாமல் தினமும் தகராறு. என்ன செய்யலாம்?

பதில்: 'ஒருங்கிணைப்பாளர்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும் என்பது இப்பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். காசாளரிடம் காசு இருக்கிறது. காவலாளியிடம் சாவியாவது இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் இருப்பதோ, இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் குறை சொல்லி அனுப்பும் மின்னஞ்சல்களின் நகல் மட்டுமே. இரண்டு தலைவர்களில் யாரை இறக்குவது என்று முடிவு செய்யத் துணியாத நிர்வாகம், அந்தத் தயக்கத்துக்கு ஒரு நாற்காலி போட்டு அதில் உங்களை உட்கார வைத்திருக்கிறது. பெரிய இடங்களும் விதிவிலக்கல்ல. 1998-இல் அமெரிக்க நிதி நிறுவனங்களான சிட்டிகார்ப்பும் டிராவலர்ஸும் இணைந்தபோது, அவற்றின் தலைவர்களான ஜான் ரீட், சாண்டி வெயில் இருவரையும் இணைத் தலைவர்களாக வைத்தார்கள். 2000-இல் ரீட் வெளியேறினார்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பத்திரிகையில் அச்சுப் பிரிவையும் இணையப் பிரிவையும் இப்படித்தான் சேர்த்தார்கள். ஒரே கட்டுரைக்கு இரண்டு பொறுப்பாளர்களும் தலைப்பு வைத்தார்கள். அதே கட்டுரையிலிருந்த பிழைக்கு வருத்தம் தெரிவிக்கும் வேலையை, மற்றவர் செய்வார் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். ஒரு வேலையை இருவர் செய்வதும், இன்னொன்றை எவருமே செய்யாததும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

பதவிகளை விளக்கும் சுற்றறிக்கை எதுவும் அதைத் தீர்க்கவில்லை. முடிவுகளின் பட்டியல் ஒன்றுதான் ஓரளவு தீர்த்தது. தலைப்பை இறுதி செய்வது, திருத்தம் வெளியிடுவது என்று தகராறு வந்த ஒவ்வொரு முடிவையும் ஒரு வரியாக எழுதி, எதிரில் ஒரே ஒரு பெயரை எழுதினோம். மற்றவர் மாலை நான்கு மணிக்குள் கருத்துச் சொல்லலாம். அதன்பின் பெயருக்குரியவர் சொல்வதே முடிவு. இரண்டு பெயர் எழுதியே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்த இடத்தில், பெயரைக் கூட்டாமல் முடிவையே பிரித்தோம்: அச்சுத் தலைப்பு ஒருவருக்கு, இணையத் தலைப்பு மற்றவருக்கு.

உங்கள் பட்டியலின் முதல் வரி, வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக இருக்கலாம். விற்பவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போக, வசவு வாங்குபவர் சேவைக்காரர் என்பதால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் மூளும். குறிப்பிட்ட தொகை வரை சேவைத் தலைவர், அதற்கு மேல் விற்பனைத் தலைவர் என்று எழுதிப் பாருங்கள்.

ஆனால் ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் யார் என்பது தீராதவரை இந்தக் காகிதம் நிற்காது. விற்பனையாளரின் மதிப்பெண் பழைய தலைவர் கையில், மாத விற்பனையை மட்டும் வைத்து முடிவாகுமானால், அவர் உங்கள் பட்டியலை மரியாதையோடு வாங்கிக்கொண்டு பழைய தலைவர் சொன்னதையே செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பட்டியலோடு நிர்வாகத்திடம் போய், மதிப்பீட்டை எழுதுவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பழைய வேலையைத் திரும்பக் கேட்கலாம். அதற்கும் ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்துவிட்டார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.