வேலைக்கு வர்றவங்க, வாட்ச்மேன், குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட எப்படிப் பேசுறது?

"சேலத்துக்குப் புதுசா குடி வந்திருக்கோம், அபார்ட்மெண்ட். வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, கேட்ல இருக்க செக்யூரிட்டி, குப்பை எடுக்க வர்றவங்க, இவங்கள எப்படிக் கூப்பிடறது, என்ன பேசறது? மட்டம் தட்டுற மாதிரியும் இருக்கக் கூடாது, ஓவரா நடிக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது."

எங்கம்மா ரொம்ப வருஷம் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் வீட்டு வேலை பாத்தவங்க. இப்ப நான் ஒரு அபார்ட்மெண்ட்ல குடியிருந்துட்டு அசோசியேஷன் வேலையும் சேத்துப் பாக்கறேன், அதனால இந்தப் பேச்சை கதவுக்கு ரெண்டு பக்கமும் நின்னு கேட்டிருக்கேன்.

அக்காவா, அம்மாவா, ஆன்ட்டியா, என்னன்னு கூப்பிடலாம்னு தான் எல்லாரும் யோசிக்கிறாங்க. ஆனா அம்மா வேலை முடிச்சு வந்து மனசு நொந்து சொன்னது எதுவும் அதப் பத்தி இருந்ததில்ல. "அக்கா"ன்னு நல்லாத்தான் கூப்பிடுவாங்க, அதே மூச்சுல "பாத்ரூம கழுவிட்டுப் போ"ன்னு முடிப்பாங்க. நம்ம ஊர்ல தக்காளி விக்கறவர்கிட்ட கூட "என்ன வெலைங்க, சரிங்க, வேண்டாங்க"ன்னு தான் வாய்ல வரும், அந்த ஊர்ல ஒரு அம்பது வயசு அம்மாகிட்ட மட்டும் "போ, வை, எடு"ன்னு வந்தா அது அவங்க காதுல விழாமலா இருக்கும். சொந்த அக்காவ நானும் தான் வா போன்னு பேசறேன், அதுல என்ன தப்புன்னு ஒருத்தர் எங்கிட்ட கேட்டாரு. தப்பே இல்லைங்க, உங்க அக்கா திருப்பி "போடா, நீயே எடுத்துக்க"ன்னு சொல்லிடுவாங்க, வேலைக்கு வர்ற அக்கா சொல்ல முடியாது. நான் பாக்கற அளவுகோல் இது மட்டும் தான்: இப்ப நான் சொன்னத அதே தொனில அவங்க எனக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா?

அதனால கடைசில ஒரு "ங்க" வந்தா போதும், பெருசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. "அக்கா, இன்னைக்கு பாத்ரூம் கொஞ்சம் பாத்துருங்க", "அண்ணா, பார்சல் வந்தா வாங்கி வெக்கறீங்களா", அவ்வளவு தான். இதுக்கு மேல "தயவு செஞ்சு"ன்னு எல்லாம் ஆரம்பிச்சா தான் நடிக்கிற மாதிரி ஆகும். உங்கள விட வயசுல சின்னவங்களா இருந்தா அக்கான்னு இழுக்க வேண்டாம், பேரக் கேட்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, ஆனா "வாங்க, உக்காருங்க" அப்படியே இருக்கட்டும். இருவத்தஞ்சு வயசுல கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருக்கற பொண்ணு வேலைக்கு வருதுன்னா, உங்க வீட்டு எட்டு வயசுப் பையன் அதப் பேர் சொல்லி "ஏய் ஷூவ எடுத்துட்டு வா"ன்னா, அது பையன் தப்பு இல்ல, வீட்ல கேட்டத தான் அவன் சொல்றான்.

இன்னொண்ணு, இதத்தான் யாரும் கவனிக்கறதில்ல. அவங்க இல்லாதப்போ எப்படிச் சொல்றோம்? நேர்ல "அண்ணா", ஃபோன்ல "வாட்ச்மேன் எங்க போனான்னே தெரியல". நேர்ல "அக்கா", அவங்க கிச்சன்ல நிக்கும்போதே ஹால்ல ஃபோன்ல "வேலைக்காரி இன்னைக்கு லேட்டு". பாத்திரம் வெளக்கற சத்தத்துல கேக்காதுன்னு நெனைக்கிறாங்க, எங்கம்மாவுக்கு எல்லாமே கேட்டிருக்கு. நம்ம பக்கம் பொம்பளைங்கள "அக்கா வந்துச்சு, அம்மா போச்சு"ன்னு பாசமா சொல்றது சகஜம், நான் மேல அந்தப் பொண்ண "வருது"ன்னு சொன்னேன்ல, அப்படித்தான், அத ஒரு குத்தமா எடுத்துக்க வேண்டாம். ஆனா வீட்டு ஓனரம்மா மட்டும் "வந்தாங்க", வேலைக்கு வர்றவங்க "வந்துச்சு"ன்னு ஆளுக்கு ஆள் மாறுதுன்னா அது பாசம் இல்லைங்க.

கேட் விஷயத்துக்கு வருவோம். எங்க அபார்ட்மெண்ட்ல பகல்ல ஒரு அண்ணன் இருக்காரு, அறுவது தாண்டினவரு, ஏஜென்சி மூலமா வந்தவரு, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். ஒவ்வொரு கார் வரும்போதும் எந்திரிச்சு, செருப்ப மாட்டி, சல்யூட் அடிச்சு, அப்புறம் கேட்ட தொறப்பாரு. முட்டி வலின்னு எங்களுக்குத் தெரியும். "சல்யூட் எல்லாம் வேண்டாங்கண்ணா"ன்னு ஆளாளுக்கு சொன்னோம், சரிங்க சரிங்கன்னாரு, மறுநாளும் எந்திரிச்சாரு. என்னன்னு பொறுமையா விசாரிச்சா, யாரோ ஒருத்தர் ஏஜென்சி சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணி "உங்க ஆளு உக்காந்துட்டே இருக்கான்"னு புகார் சொல்லியிருக்காரு, சூப்பர்வைசர் இவர சத்தம் போட்டிருக்காரு. அப்ப நான் ஒருத்தன் "உக்காருங்க"ன்னு சொல்றதுல அவருக்கு என்ன பிரயோஜனம், எந்தக் கார்ல யாரு வர்றாங்கன்னு பாத்துப் பாத்து எந்திரிக்கணும், அது இன்னும் கஷ்டம். அதனால மீட்டிங்ல பேசி, சூப்பர்வைசருக்கு எழுத்துலயே குடுத்தோம்: எந்திரிச்சு நிக்க வேண்டாம், சல்யூட் வேண்டாம், நல்ல நாற்காலி நாங்க போடறோம், ஃபேனும் போடறோம்னு. கடைகள்ல வேலை பாக்கறவங்க உக்கார இடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத்திருத்தமே வந்தாச்சு, கேட்ல பன்னெண்டு மணி நேரம் இருக்கற மனுஷருக்கு நாமளா செய்யக் கூடாதா. எழுதிக் குடுத்த பின்னாடி தான் அவரு உக்காந்தபடியே கைய ஆட்ட ஆரம்பிச்சாரு.

நீங்க தினமும் பண்ண வேண்டியது ரொம்ப சின்னது தான். கேட்டுக்கு முன்னாடி ஹாரன் அடிக்காதீங்க, ரெண்டு செகண்ட் நில்லுங்க, கண்ணாடிய எறக்கி முகத்தப் பாத்து "வர்றேங்கண்ணா"ன்னு சொல்லுங்க. உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிய நிறுத்தி நோட்டுல எழுதச் சொன்னா "அவங்க நம்ம ஆளுங்க, விடு"ன்னு மாடில இருந்து கத்தாதீங்க, அவரு வேலைய தான் அவரு பாக்கறாரு, "எழுதிட்டு வரட்டுங்கண்ணா"ன்னு நீங்க சொன்னா அடுத்த தடவ நிறுத்தறதுக்கு அவருக்குத் தயக்கம் இருக்காது. நைட் ஷிஃப்ட்ல வடநாட்டுப் பையன் இருந்தா, கூர்க்கா, ஹிந்திக்காரன்னு எல்லாம் வேண்டாம், பேரக் கேட்டுக்கங்க. தெரிஞ்ச அரைகுறை ஹிந்தில "தும்"னு பேசாம "ஆப்"னு பேசுங்க, நம்ம நீ, நீங்க மாதிரி தான் அதுவும்.

என்ன பேசறதுன்னா, "சாப்டீங்களா" தாராளமா கேக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்கள கேக்கற மாதிரி. ஆனா கேட்டுட்டு உடனே நேத்து மிஞ்சுன கொழம்ப நீட்டுனா அடுத்த நாள்ல இருந்து அந்தக் கேள்விக்கே வேற அர்த்தம் ஆயிடும், அவங்க "சாப்டேங்க"ன்னு அவசரமா சொல்லிடுவாங்க. குடுக்கணும்னா சூடா இருக்கும்போது உங்களுக்குப் போட்ட அதே தட்டுல போட்டுக் குடுங்க, டீயும் அதே டம்ளர்ல. தனி டம்ளர் வெச்சுகிட்டு அக்கா அக்கான்னு எத்தனை தடவ கூப்ட்டாலும் ஒண்ணும் கிடையாது.

வேண்டாத கேள்விங்க சிலது இருக்கு. "வீட்டுக்காரர் குடிப்பாரா?" எடுத்த உடனே கேப்பாங்க, உங்கள யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா? "எந்த ஊரு?" சரி, அதுக்கு அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலசாமி எது"ன்னு போச்சுன்னா என்ன சாதின்னு தான் நோண்டறீங்கன்னு அவங்களுக்கு முதல் கேள்விலயே தெரிஞ்சிரும். அப்புறம் இந்த பஸ் பேச்சு. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, வேலைக்குப் போற எத்தனையோ பேருக்கு அது மாசச் செலவுல ஒரு பெரிய பாரத்த எறக்கி வெச்சிருக்கு, "என்னக்கா, ஓசி பஸ்லயா வந்தீங்க"ன்னு சிரிச்சுகிட்டே கேக்கறவங்க, அது எங்க போய்க் குத்துதுன்னு யோசிக்கணும். "பஸ் கெடச்சுதாக்கா, மழைல மாட்டிக்கிட்டீங்களா"ன்னு கேட்டா போதுமே. ஆடி மாசம்னா கோட்டை மாரியம்மன் திருவிழா, கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போனாங்க, கூட்டம் எப்படின்னு அவங்களே சொல்ல ஆரம்பிப்பாங்க.

ஏற்காட்டுக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கும்போதும் இதே கதை தான். ரூம் கிளீன் பண்ண வர்றவங்க நெறைய பேரு அந்த மலையிலயே பொறந்து வளந்தவங்க, மலையாளின்னு சொல்லுவாங்க, பழங்குடி மக்கள், பேசறது தமிழ். "ஓ மலையாளியா, கேரளால எங்க"ன்னு டூரிஸ்ட்டுங்க கேக்கறத நானே பாத்திருக்கேன், இன்னும் மோசமா "காட்டுல எப்படி இருக்கீங்க, கரண்ட் எல்லாம் இருக்கா"ன்னும் கேப்பாங்க. அந்த மனுஷங்க கிட்ட கேக்கறதுன்னா, மலைல மழை எப்படி, காப்பி எப்பப் பறிப்பாங்க, மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எந்தெந்த ஊர்ல இருந்து வர்றாங்கன்னு கேளுங்க, உங்களுக்குத் தெரியாத நூறு விஷயம் அவங்களுக்குத் தெரியும்.

குப்பை எடுக்க வர்றவங்கள "குப்பைக்காரம்மா"ன்னு கூப்பிடாதீங்க, அவங்க பேரு தூய்மைப் பணியாளர், கூப்பிடறதுக்கு அக்கா, அண்ணா போதும். மாடில இருந்து பைய வீசாம எறங்கி வந்து "இந்தாங்கக்கா"ன்னு கைல குடுங்க. ஒடஞ்ச கண்ணாடி இருந்தா பேப்பர்ல சுத்தி "இதுல கண்ணாடி இருக்குக்கா, பாத்து"ன்னு தனியா சொல்லிக் குடுங்க. வணக்கம் வெக்கறத விட அந்த ஒரு வரி அவங்க கைய காப்பாத்தும்.

"எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி"ங்கற வார்த்தைய மட்டும் தயவு செஞ்சு சொல்லிடாதீங்க. எங்கம்மாவுக்கு அத சொன்னவங்க எல்லாருமே, அம்மா லீவு கேக்கும்போதோ சம்பளம் கூட்டிக் கேக்கும்போதோ தான் சொன்னாங்க.

அப்புறம் அவங்க உங்கள சார், மேடம்னு கூப்பிட்டா, ஒரு தடவ "பேர் சொல்லியே கூப்பிடுங்கக்கா"ன்னு சொல்லிப் பாருங்க, மாத்தலைன்னா விட்ருங்க. நாலு வீட்ல வேலை பாக்கறவங்க ஒரு வீட்ல மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகி, அடுத்த வீட்ல வாய் தவறி வந்துட்டா பேச்சு வாங்கறது அவங்க தான். சில நாள் நீங்க சிரிச்சாலும் அவங்க சிரிக்க மாட்டாங்க, வீட்ல என்ன பிரச்சனையோ, "என்னாச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க"ன்னு நின்னு கேக்காம, "வர்றேங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிருங்க, பேசணும்னா அவங்களே வந்து பேசுவாங்க.