‘நோ’, ‘வான்ட்’ இரண்டும் ‘இங்’ ஏற்காதது ஏன்?

கேள்வி: ‘ஐ ஆம் ஈட்டிங்’ சரி என்றால் ‘ஐ ஆம் நோயிங்’ ஏன் தவறு?

ஆங்கிலத்தில் ‘இங்’ வடிவம் ஒரு செயலின் நடுப்பகுதியைக் காட்டுகிறது. சாப்பிடுவதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பாதியில் எழுந்தும் போகலாம். ‘நோ’ என்றால் அறிந்திருப்பது; ஒருத்தியின் பெயரை அறிந்திருப்பதில் பாதி ஏது? அது நிலை, தூங்கும்போதும் மாறாது. எனவே ‘ஐ நோ ஹெர் நேம்’ என்பதே போதும்.

‘வான்ட்’டும் நிலைவினைதான், ஆனால் சற்று வளைந்து கொடுக்கும். ‘ஐ ஆம் வான்டிங் டீ’ என்றால் காதில் உறுத்தும். ‘ஐ ஹேவ் பீன் வான்டிங் டு மீட் யூ’ என்பதையோ ஆங்கிலேயர்களே இயல்பாகச் சொல்வார்கள். ஆசை கொஞ்ச காலமாகவே தொடர்வதை அது காட்டுகிறது. ‘நோ’வுக்கு அந்தச் சலுகையும் கிடையாது: பத்தாண்டுப் பழக்கமானாலும் ‘ஐ ஹேவ் நோன் ஹெர்’தான்.

நிலைவினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யாமல் பொருளைப் பாருங்கள். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பது கருத்து, அதாவது நிலை. ‘வெயிட், ஐ ஆம் திங்கிங்’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயல்.