பத்து நிமிடத்தில் ஒரு கதவை விற்பது

காரைக்குடியில் குறும்படம் எடுக்கும் சிலரின் கேள்விகளும், திரைக்கதை எழுதும் ஒருவரின் பதில்களும்.

முழுநீளப் படம் 120 நிமிடம், குறும்படம் 10. முப்பது நிமிட அறிமுகத்தைப் பன்னிரண்டால் வகுத்து இரண்டரை நிமிடமாக்கினால் சரிதானே, ஐயா? (கல்லூரி மாணவர், பள்ளத்தூர்)

அறிமுகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுவரை சரி, தம்பி. ஆனால் வகுத்தால் எல்லாக் காட்சியும் மிஞ்சும், எல்லாமே அவசரமாக ஓடும். முழுநீளப் படத்தின் முதல் அரைமணி, நாயகனின் வழக்கமான வாழ்க்கையைக் காட்டிவிட்டு அதைக் குலைக்கும் சம்பவத்துக்கு வருகிறது. குறும்படத்தில் அந்தச் சம்பவம் படம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருக்கட்டும்.

கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் ஆச்சி. பங்காளிகள் வீட்டின் நிலைக்கதவை விற்கிறார்கள். முகப்பு, வளவு, பர்மா நினைவுகள் என்று நான்கு நிமிடம், ஐந்தாவதில் வியாபாரி வருகிறார், கடைசியில் ஆச்சி மறுக்கிறார். பார்த்தவர்கள் வீடு அழகு என்கிறார்கள், கதையைப் பற்றிப் பேச்சே இல்லை. (உதவி இயக்குநர், தேவகோட்டை)

உங்கள் படம் ஐந்தாவது நிமிடத்தில்தான் தொடங்குகிறது. முதல் காட்சியிலேயே வியாபாரி கதவை அளந்துகொண்டிருக்கட்டும். பூட்டிய அறைகளை ஆச்சியே திறந்துவிடுகிறார், சாவிக்கொத்தை யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் வீடு, பொருள், பிடிவாதம் மூன்றும் தெரிந்துவிடும். பர்மா வேண்டாம்.

திருப்பம் ஒன்றே போதும், ஆறாவது நிமிடத்தை ஒட்டி. விற்பனைத் தாளில் முதல் கையெழுத்து பங்காளியுடையது அல்ல, சொந்த மகனுடையது. இனி ஆச்சி எதிர்க்க வேண்டியது வெளி ஆளை அல்ல. முழுநீளப் படமென்றால் இது இடைவேளை: மகன் ஊருக்கு வருவான், சண்டை, சமாதானம் என்று இன்னும் ஒரு மணி நேரம் போகும். இங்கே மீதி நான்கு நிமிடமும் ஒரே முடிவை நோக்கித்தான்: கையெழுத்துப் போடுவாரா? தீர்வுக்கு அரை நிமிடம் போதும், அவர் சாவிக்கொத்தை வியாபாரியிடம் நீட்டினாலே விடை வந்துவிடும். முதல் நிமிடத்தில் அந்தக் கொத்தைப் பார்த்திராதவருக்கு அந்தக் கை வெறும் கைதான்.

தவறு எங்கே என்று அறிய ஒரு சோதனை: முதல் மூன்று நிமிடத்தை மறைத்துவிட்டு ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்குக் கதை புரிந்தால் அந்த மூன்று நிமிடமும் வெட்டுக்குரியவை.

எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுப்பது உண்டு. பத்து நிமிடப் படத்தை ஒரே நாளில் முடித்துவிடுவீர்களா? (வீட்டு உரிமையாளர், ஆத்தங்குடி)

அது வேறு கணக்கு, ஐயா. ஒரே வீடு, மூன்று பேர், பகல் வெளிச்சம் என்றால் பெரும்பாலும் இரண்டு நாள்.

திருப்பத்தைக் கடைசி நொடியில் வைத்தால்தானே கைதட்டல்? (மாணவி, காரைக்குடி)

கைதட்டல் வரும், மறுக்கவில்லை. ஆனால் மகன் கையெழுத்தோடு படம் முடிந்தால் ஆச்சி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, செய்தி மட்டும்தான் வந்து சேர்கிறது. கதை அவருடையதா, அந்தத் தாளுடையதா என்பதைப் பொறுத்தது. என் நண்பர்கள் சிலர் உங்கள் பக்கம்தான்.