மாரடைப்புக்குப் பிறகு உப்பும் எடையும்

"அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டார். உப்பைக் குறைங்க, தினமும் எடை பாருங்கன்னு சொல்றாங்க, எதுக்கு?"

உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அடிபட்ட இதயம் அந்தக் கூடுதல் நீரையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். பழுதான மோட்டாரில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மாதிரிதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு போதும், குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எடையைக் காலையில் சிறுநீர் கழித்ததும் சாப்பிடும் முன் பாருங்கள். திங்கள் 68 கிலோ, வியாழன் 70 என்றால் அது கொழுப்பு இல்லை, தேங்கிய நீர். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இந்துப்பு இதயத்துக்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான்.