அப்பீல் கடிதத்தில் நான் முதலில் எழுதியது எனக்கு எதிரான விஷயத்தை

கேள்வி: நானே எழுதிய கோடை காப்பி என்று சொல்லி மார்க் போடவில்லை. கிட் ஹிஸ்டரி முழுவதும் இருக்கிறது. அப்பீல் கடிதத்தில் என்ன எழுதுவது?

நீங்களும் கோபத்தில் "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றுதான் ஆரம்பித்திருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

பெங்களூரில் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் எனக்கு இது நடந்தது. நூலக அபராதம் கணக்கிடும் புராஜெக்ட். என் கோடும் வகுப்புத் தோழன் ஒருவனுடையதும் ஒன்றுபோல இருப்பதாக சாஃப்ட்வேர் காட்டியது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்பதை அது சொல்லாது. இருவருக்கும் பூஜ்யம் போட்டார்கள்.

முதல் கடிதத்தோடு 41 கமிட்டையும் ரிப்போர்ட்டின் மூன்று டிராஃப்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன். யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கடிதத்தில் ஒரே ஒரு ஃபங்ஷன் வளர்ந்த கதையை மட்டும் வைத்தேன்.

```
git log --format=fuller -L :calc_fine:fine.py
```

மார்ச் 3 அன்று எழுதியதில் ஒரு நாள் அபராதம் கூடுதலாக வந்தது. 5 அன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க `meedhi_naal` என்று ஒரு வேரியபிள் சேர்த்தேன். 9 அன்று கணக்கைத் திருத்தி, ஞாயிறு கழிப்பதை வேறு ஃபங்ஷனுக்கு மாற்றினேன். `meedhi_naal`-க்கு அங்கே வேலையே இல்லை, ஆனால் நீக்க மறந்துவிட்டேன். வேலையில்லாத அதே வரி, அதே இடத்தில், அவன் கோடிலும் இருந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் ரெப்போவில் இருந்ததோ ஒரே கமிட்.

"கமிட் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே" என்று இங்கேயே சிலர் வருவார்கள். உண்மைதான், மாற்றலாம். அதிலும் நான் ஒருநாள் இரவு ரீபேஸ் செய்திருந்தேன். அதனால் எழுதிய தேதி (AuthorDate) வேறு வேறாக இருக்க, CommitDate மட்டும் 9 கமிட்டுக்கு ஒரே இரவைக் காட்டியது. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் பொய் மாதிரி ஆகிவிடும் என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டேன். கூடவே கிட்ஹப் ரெப்போவின் Activity பக்கத்தையும் இணைத்தேன். எப்போது புஷ் செய்தோம் என்ற அந்த நேரம் சர்வர் பதிவு செய்வது, நம் கணினியில் மாற்ற முடியாது. ரீபேஸுக்கு முந்தைய புஷ்களும் அதில் இருந்தன.

விசாரணையில் இருவரையும் தனித்தனியே அழைத்து அந்த வரி எதற்கு என்று கேட்டார்கள். மூன்று வாரத்தில் என் மார்க் திரும்பி வந்தது.

நீங்களும் ரீபேஸ் செய்திருந்தால் இன்றே `git reflog` எடுத்து வையுங்கள். அது உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். செட்டிங் எதையும் மாற்றவில்லை என்றால், கைவிட்ட பழைய கமிட்களின் பதிவு 30 நாளுக்குப் பிறகு அழிந்துவிடலாம்.